வயிற்றில் பிள்ளையோடு 29 வாரம் வரை ஓடினேன்

கர்ப்பம் என்று தெரிந்த அன்று காலையிலும் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் 8 கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தேன். இரண்டு கோடு விழுந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குள் எழுந்த முதல் கேள்வி, காலையில் ஓடியதில் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பதுதான். கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்கு ஓடலாமா என்ற கேள்வியும் வந்தது. இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கிடைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு 31 வயது. நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டு அரை மாரத்தான் முடித்திருந்தேன். நிதானமாக ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் நிமிடம் ஆகும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கீழே நான் எழுதுவது ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். கர்ப்பமான பிறகு புதிதாக ஓடத் தொடங்க நினைப்பவர்களுக்கு நடையே போதும்.

நான் முதலில் பார்த்த டாக்டர் "மூணு மாசம் ரெஸ்ட், ஓட்டமெல்லாம் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முன்னால் ஓடியிருக்கிறாயா, எவ்வளவு ஓடுவாய் என்று எதுவும் கேட்கவில்லை. கும்பகோணத்திலிருந்து அம்மா போனில், "முதல்ல அந்த ஷூவைத் தூக்கிப் பரண்ல போடுடி" என்றாள். மாமியார்தான் நிதானமாகப் பேசினார். "ஒருத்தர் சொன்னதோட விட்டுடாதம்மா, இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுக்க" என்றார்.

இரண்டாவது டாக்டர் பத்து நிமிடம் கேள்விகளாகவே கேட்டார். இதற்கு முன் கரு கலைந்திருக்கிறதா, ரத்தப்போக்கு இருந்ததா, இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு. ஏழாவது வார ஸ்கேனில் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது, ஒற்றைக் கருதான், துடிப்பு வந்துவிட்டது என்று பார்த்த பிறகுதான் பதில் சொன்னார்: "ஓடுங்க. ஆனா இனிமே பயிற்சி எடுக்காதீங்க."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருந்த வித்தியாசம்தான் எனக்கு அடுத்த ஆறு மாதமும் வழி காட்டியது. பயிற்சி என்றால் இலக்கு இருக்கும். இந்த வாரத்தைவிட அடுத்த வாரம் கூட ஓட வேண்டும், போன முறையைவிட வேகமாக ஓட வேண்டும், கஷ்டமாக இருந்தாலும் முடித்தாக வேண்டும். அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஓட்டம். எந்த நிமிடத்திலும் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வரலாம்.

எல்லோருக்கும் இந்த அனுமதி கிடையாது என்பதையும் அவர் அன்றே சொன்னார். கருப்பை வாய் பலவீனமாக இருந்து தையல் போட்டவர்கள், கர்ப்பத்தால் ரத்த அழுத்தம் ஏறியவர்கள், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள், ரத்தப்போக்கு நிற்காமல் இருப்பவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமந்து குறைமாதப் பிரசவ ஆபத்து இருப்பவர்கள் ஓடக் கூடாது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் இதில் பாதியை நாமாகத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் ஷூவைக் கட்டும் முன் அந்த இரண்டும் வேண்டும் என்கிறேன்.

முதல் மூன்று மாதம் வெளியே ஒன்றும் தெரியாது. வயிறு தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் ஓடும்போது வேறு யாரோ என் உடம்புக்குள் புகுந்துகொண்டது போல இருந்தது. காலை எழுந்ததும் 58 இருக்கும் என் நாடித்துடிப்பு ஒன்பதாவது வாரத்தில் 70 ஆகியிருந்தது. வழக்கமான வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடியதுமே மூச்சு வாங்கியது. சோர்ந்துபோய்விட்டேன் என்று நினைத்தேன். காரணம் அதுவல்ல. கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவு கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. அந்த வேலை முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. புரோஜெஸ்டரோன் ஹார்மோன் மூச்சை ஆழமாக இழுக்க வைக்கிறது. அதனால் உட்கார்ந்திருக்கும்போதுகூட மூச்சு போதாதது போல இருக்கும். இதயம் ஏற்கெனவே கூடுதல் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஓட்டம் அதன் மேல் இன்னொரு சுமை, அவ்வளவுதான்.

அதனால் கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து ஓடுவதை விட்டுவிட்டேன். 140-ஐத் தாண்டக் கூடாது என்று இன்றும் பலர் சொல்வார்கள். அது 1985-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு சொன்ன அளவு. அவர்களே 1994-ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஒருவருக்கு 140 என்பது நடை, இன்னொருவருக்கு அது மூச்சிரைக்கும் ஓட்டம். இப்போது சொல்லப்படுவது பேச்சுச் சோதனை. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நான் தனியாக ஓடும்போது, "சாயங்காலம் வரும்போது தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்கிட்டு வரணும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஒரே மூச்சில் வந்தால் சரி. கறிவேப்பிலைக்கு முன்னால் மூச்சு அறுந்தால் நடைக்கு மாறிவிடுவேன். பத்தாவது வாரத்தில் என் வேகம் கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் நிமிடத்துக்கு இறங்கியிருந்தது. தூரத்தையும் 5 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டேன்.

இந்த மாதங்களில் உண்மையாகவே பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கர்ப்பத்தின் ஆறாவது வாரத்தை ஒட்டி மூடிக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் தாயின் உடம்புச் சூடு 39 டிகிரியைத் தாண்டி நீடித்தால் அதற்குப் பாதிப்பு வரலாம். எனக்கு அது டிசம்பர், விடிகாலையில் ஓடினேன், அதனால் பிழைத்தேன். இதே வாரங்கள் மே மாதத்தில் வந்திருந்தால் வெளியே ஓடியிருக்க மாட்டேன். சென்னையில் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது, புழுக்கத்தையும் பார்க்க வேண்டும். வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு குளிரவில்லை என்று பொருள். காய்ச்சல் இருந்த நாளில் ஓடவே இல்லை.

மசக்கை எனக்கு எட்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை இருந்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நாட்களில் ஓடவில்லை. சிறுநீரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வேன். வெளிறிய மஞ்சள் என்றால் போகலாம், நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தால் படுக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். போகிற நாளில் கிளம்பும் முன் அரை வாழைப்பழம் கட்டாயம். வெறும் வயிற்றில் ஓடியவள்தான் நான், ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுகிறது. ஒருநாள் அப்படிக் கண் இருட்டி, பூங்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து பழம் சாப்பிடாமல் படி இறங்கியதில்லை.

முதல் மூன்று மாதத்தில் ரத்தக் கறை பட்டால், ஒரு சொட்டானாலும், அன்றைய ஓட்டம் முடிந்தது, டாக்டரிடம் பேச வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி வந்தால், அதோடு தோள்பட்டை வலித்தாலோ மயக்கம் வந்தாலோ, ரத்தம் படாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரு கருப்பைக்குள் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம், அந்தக் குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஏழாவது வாரத்து ஸ்கேன் எனக்கு முக்கியமாகப் பட்டது இதனால்தான்.

என்னோடு ஓடும் அக்கா ஒருவருக்கு முந்தைய வருடம் ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்தது. ஓடியதால்தான் கலைந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்லி, அவரும் அதை நம்பிக்கொண்டிருந்தார். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. கரு உருவாகும்போதே அது தீர்மானமாகிவிட்ட விஷயம். மூன்று மாதமும் கட்டிலிலேயே கிடந்திருந்தாலும் அதை நிறுத்தியிருக்க முடியாது. என் டாக்டரிடம் அவரையும் அழைத்துப் போனேன். டாக்டர் இதைச் சொன்னபோது அந்த அக்கா அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வருடம் முழுக்கத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்த பழி அது.

நான்காவது மாதம் தொடங்கியதும் உடம்பு லேசானது. வாந்தி போனது, பசி வந்தது, தூக்கம் திரும்பியது. இப்போது பழைய வேகத்துக்குப் போய்விடலாம் என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. ஜனவரி கடைசியில் ஒருநாள் 9 கிலோமீட்டர் ஓடினேன். அன்று இரவு படுக்கையில் புரண்டபோது, வயிற்றின் வலது பக்கம் தொடைமடிப்புக்கு மேலே கத்தியால் குத்தியது போல ஒரு வலி. பயந்து கணவரை எழுப்பினேன். எழுந்து உட்காருவதற்குள் வலி போயிருந்தது.

கருப்பையை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருக்கும் தசைநார்கள் கருப்பை வளர வளர இழுபடுகின்றன, அந்த வலி அது என்று டாக்டர் சொன்னார். தும்மினால், புரண்டால், சட்டென எழுந்தால், வேகமாகத் திரும்பினால் வரும். சில விநாடிகளில் போய்விடும். அசையாமல் நின்றால் குறையும். இது ஆபத்தில்லை. கவலைப்பட வேண்டிய வலி வேறு மாதிரி இருக்கும். நின்றாலும் போகாது, விட்டு விட்டு ஒரே இடைவெளியில் வரும், வயிறு கல்லாக இறுகும், அல்லது ரத்தமோ நீரோ கூடவே வரும். நடுராத்திரி பயந்துபோய் முழிக்கும்போது, நின்றால் வலி போகிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு வயிற்றுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் பெல்ட் ஒன்றைக் கட்டிக்கொண்டேன். எட்டெடுத்து வைப்பதைச் சிறிதாக்கினேன். பாதி வலி அதிலேயே போனது.

ஐந்தாவது மாத ஸ்கேனைக் குழந்தையின் உறுப்புகளைப் பார்ப்பதற்காக மட்டும் என்று நினைக்கிறோம். ஓடுபவர்களுக்கு அதில் இன்னொரு வரி முக்கியம், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பது. அது கீழே இறங்கி கருப்பை வாயை மூடியிருந்தால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு பெரும்பாலும் 32-வது வாரத்தை ஒட்டி மறுபடி பார்ப்பார்கள். கருப்பை வளரும்போது பலருக்கு அது மேலே ஏறிவிடுகிறது. எனக்கு ரிப்போர்ட்டில் மேலே என்று இருந்தது. அந்த வரியை நானே தேடிப் படித்தேன், யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதே சமயம் ஹீமோகுளோபின் 10.2-க்கு இறங்கியிருந்தது. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ரத்தத்தின் நீர்ப்பகுதி சீக்கிரம் கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை, அதனால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் மேடேறும்போது நெஞ்சு படபடத்தது, படி ஏறினால் காது அடைத்தது. இரும்புச்சத்து மாத்திரையைக் காலை காபியோடு போட்டுக்கொண்டிருந்தேன். காபியும் டீயும் பாலும் இரும்பை உடம்பில் சேர விடாது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், எலுமிச்சைச் சாற்றோடு என்று மாற்றினேன். ஓட்டத்தை வாரத்துக்கு மூன்று நாளாக்கி, மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது என்று வைத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் 11-ஐத் தொட்டது.

வயிறு முன்னால் தள்ளியதும் நிலை தடுமாறுவது கூடியது. கால் வைக்கும் இடம் வயிற்றுக்குக் கீழே மறைந்துபோகிறது. நம் நடைபாதைகளில் ஸ்லாப் எங்கே தூக்கியிருக்கும், எங்கே கேபிளுக்குத் தோண்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் மார்ச்சிலிருந்து இருட்டில் ஓடுவதை விட்டு, வெளிச்சம் வந்த பிறகு, பள்ளம் மேடில்லாத ஒரே 700 மீட்டர் நேர்ச்சாலையில் போய்ப் போய் வந்தேன். விழுந்துவிட்டால், வயிறு தரையில் படாவிட்டாலும், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அடிபட்ட அதிர்ச்சியில் நஞ்சுக்கொடி பிரிவது சில மணி நேரம் கழித்துத் தெரியலாம்.

இன்னொன்றை நம் பெண்கள் வெளியே சொல்வதில்லை. ஆறாவது மாதத்தில் ஓடும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்தது. இடுப்புத்தளத் தசைகள் தளர்வதால் பலருக்கு வரும். சிக்கல் என்னவென்றால், பனிக்குட நீர் கசிந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், ஓட்டத்து வியர்வையில் வித்தியாசம் புரியாது. டாக்டர் ஒரு வழி சொன்னார். சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த வெள்ளை நாப்கின் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இடது பக்கம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று பார்க்க வேண்டும். சிறுநீர் என்றால் வாடையும் மஞ்சளும் இருக்கும், படுத்திருக்கும்போது பெரும்பாலும் வராது. நாப்கின் நிறமில்லாமல், சிறுநீர் வாடை இல்லாமல் நனைந்திருந்தால், எழுந்ததும் குபுக்கென்று வந்தால், அது பனிக்குட நீராக இருக்கலாம். உடனே கிளம்ப வேண்டும். பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் இந்தச் சோதனைக்கே நேரம் கொடுக்கக் கூடாது. சந்தேகம் தீரவில்லை என்றாலும் போய்க் காட்டிவிடுவதுதான் சரி.

ஏழாவது மாதம் பிறந்தபோது ஏப்ரல் கடைசி. வளைகாப்பு முடிந்த அடுத்த வாரமும் 4 கிலோமீட்டர் போனேன். கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடம் ஆனது, அதில் பாதி நடை. 2014-ல் அலிசியா மொன்டானோ என்ற அமெரிக்க வீராங்கனை 34 வாரக் கர்ப்பத்தோடு தேசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடினார். அந்தப் படத்தைப் போனில் வைத்திருந்தேன், நாமும் 34 வாரம் வரை போகலாம் என்று மனதில் ஓர் எண்ணம் இருந்தது. பயிற்சி வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நான் மீறிய இடம் இதுதான். எனக்கே தெரியாமல் ஓர் இலக்கை வைத்துக்கொண்டுவிட்டேன்.

அக்னி நட்சத்திரம். கர்ப்பம் 29 வாரம் 4 நாள். காலை ஐந்தரைக்கே காற்று அசையவில்லை. ஓடும் முன்னும் பின்னும் எடை பார்ப்பது என் பழக்கம். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கணக்கு. முன்பெல்லாம் அரைக்கிலோ குறையும். அன்று 40 நிமிடத்தில் 900 கிராம். வழியில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். திரும்பும் வழியில் வயிறு இரண்டு முறை இறுகியது. அது புதிதில்லை. பொய்வலி என்று சொல்லும் அந்த இறுக்கம் ஆறாவது மாதத்திலிருந்தே ஓடும்போது வந்து போகும், நின்றால் அடங்கும்.

அன்று அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு டம்ளர் உப்புப் போட்ட மோரும் குடித்து, இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டேன். இறுகும்போது நெற்றியைத் தொட்டது போல இருந்தது. தளர்ந்திருக்கும்போது கன்னத்தைத் தொட்டது போல. கணவர் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் நேரத்தை எழுதினார். 7:05, 7:16, 7:26, 7:38, 7:48. வலி பெரிதாக இல்லை. மாதவிடாய் முதல் நாள் மாதிரி இடுப்பின் பின்பக்கம் ஒரு கனம். அதுதான் எனக்கு உறுத்தியது. பொய்வலி ஒழுங்கில்லாமல் வரும், முன்வயிற்றோடு நிற்கும். இது கடிகாரம் பார்த்து வந்தது, இடுப்பைச் சுற்றியது.

37 வாரம் ஆகாதவர்களுக்கு எனக்குச் சொல்லப்பட்ட கணக்கு இது: தண்ணீர் குடித்துப் படுத்த பிறகும் ஒரு மணி நேரத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ இறுகினால் போன் செய்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, போன் செய்துகொண்டே கிளம்ப வேண்டும். எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். வயிற்றில் பெல்ட் கட்டி, பிள்ளையின் துடிப்பையும் என் இறுக்கங்களையும் காகிதத்தில் வரைந்தார்கள். கருப்பை வாய் மூடியே இருந்தது, நீளமும் குறையவில்லை. சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தது. நீர்க்கடுப்பு என்று நான் அலட்சியமாக விட்ட இரண்டு நாள் எரிச்சல் அது. உடம்பில் நீர் வற்றியதும் தொற்றும் சேர்ந்து கருப்பையைக் கிளறிவிட்டிருக்கின்றன. டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். மதியத்துக்குள் இறுக்கம் நின்றது. ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

"ஓட்டம் போதும். குழந்தை பிறக்கிற வரைக்கும் நடங்க" என்றார் டாக்டர். என் கணவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அதுவரை ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

நான் நின்ற வாரத்தை வைத்து நீங்கள் எப்போது நிற்க வேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள். பலருக்கு அதற்கு முன்பே இடுப்பெலும்பு சொல்லிவிடும். முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடத்தில், ஒற்றைக் காலில் நின்று உள்ளாடை போடும்போது, காரிலிருந்து ஒவ்வொரு காலாக இறக்கும்போது விண்ணென்று வலித்தால் ஓடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் பிரசவத்துக்குப் பிறகும் அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

கடைசி மூன்று மாதத்தில் நடப்பவர்களும் கவனிக்க வேண்டிய வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. இரவில் இரண்டு கெண்டைக்காலும் மாறி மாறிப் பிடித்து இழுப்பது சாதாரணம். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி, தொட்டால் சூடாக, அழுத்தினால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்துவிடக் கூடாது. எண்ணெய் போட்டு உருவ வரும் பெரியவர்களைத் தடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாயங்காலம் பாதம் வீங்குவதும் சாதாரணம். காலையிலேயே முகமும் கைவிரல்களும் வீங்கியிருந்தால், விடாத தலைவலி இருந்தால், கண்ணில் மின்மினி பறந்தால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிப்போடவே கூடாது. நெஞ்சு வலி, நடக்கத் தொடங்கும் முன்பே மூச்சுத் திணறல், மயக்கம் எந்த மாதத்தில் வந்தாலும் 108-ஐக் கூப்பிடலாம். பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அதே நாளில் போக வேண்டும். ஓடும்போது பிள்ளை தூங்கிவிடும், நாம் உட்கார்ந்ததும் உதைக்கும். என் மகள் நான் குளித்து முடித்துச் சாப்பிட உட்காரும்போது சரியாகத் தொடங்குவாள். அந்த வழக்கம் தெரிந்திருந்ததால்தான் ஜூனில் ஒருநாள் அது தப்பியதைக் கவனித்தேன். போய்ப் பார்த்தோம், துடிப்பு நன்றாக இருந்தது. வீணாக வந்துவிட்டோம் என்று நான் சொன்னதற்கு நர்ஸ் அக்கா, "வீணா வந்தாலும் வாங்கம்மா" என்றார்.

ஜூலை கடைசியில், 39-வது வாரத்தில் மகள் பிறந்தாள். சுகப்பிரசவம், இரண்டு தையல்.

திரும்ப ஓடுவதற்கு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் முடிந்த அன்று பிசியோதெரபிஸ்ட் என்னை ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கச் சொன்னார். ஐந்தாவது குதிப்பிலேயே கசிந்தது, கீழே ஏதோ இறங்குவது போல ஒரு கனமும் இருந்தது. இன்னும் ஆறு வாரம் இடுப்புத்தளப் பயிற்சி மட்டும் என்றார். சரி என்று வந்துவிட்டேன். டிசம்பரில், மழை விட்ட ஒரு காலையில், மகளுக்குப் பால் கொடுத்து மாமியார் கையில் தந்துவிட்டு அதே 700 மீட்டர் சாலைக்குப் போனேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. எதுவும் கசியவில்லை.